ஏற்றத்தில் சுற்றும் சக்கரம்: குடும்ப வண்டிக்கு ஃபோர் வீல் டிரைவ் வேண்டுமா?

குலசேகரத்தைத் தாண்டி ரப்பர் தோட்டங்களுக்குள் என் மச்சினன் வீடு இருக்கிறது. ரோட்டை விட்டு வீட்டு முற்றத்துக்கு ஏறும் பாதையில் கடைசி 14 மீட்டர் நல்ல ஏற்றம். எப்போதோ போட்ட தார் பாதி பெயர்ந்து சரளை வெளியே தெரியும். ஜூன் மழை தொடங்கினால் மேலிருந்து செம்மண் கரைந்து இறங்கும். அந்த மழையில் பூஞ்சை நோய் வந்து ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும், அந்த இலையும் அழுகிப் பாதையிலேயே ஒட்டிக் கிடக்கும். போன மழைக்காலத்தில் மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணம் முடிந்து, காரில் ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான் என்று திரும்பி வந்தவர்களுக்கு வண்டி பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் முன் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. பின்னால் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் இறங்கியதும் வண்டி மெதுவாக ஏறிப் போய்விட்டது.

மறுநாள் போனில் அவன் சொன்னது இதுதான்: “அத்தான், இந்த வண்டியைக் குடுத்துட்டு ஒரு ஃபோர் பை ஃபோர் எடுத்துரலாம்னு இருக்கேன். பிள்ளைகள வச்சிட்டு மழையில இப்படி நிக்க முடியாது.”

அவன் பயம் நியாயமானது. ஆனால் அந்த ஏற்றத்தில் நடந்ததைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால், எந்தச் சக்கரம் வண்டியை இழுக்கிறது என்பதால் எது மாறும், எது மாறாது என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். குமரி மாவட்டத்தில் மேட்டு விளையிலும் மலையடிவாரத்திலும் வீடு வைத்திருக்கிற பல குடும்பங்களுக்கு இதே கேள்வி வருகிறது. அதனால் அந்த 14 மீட்டரையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். அம்பாசிடர் காலத்து அமைப்பில் எஞ்சின் முன்னால் இருக்கும், அதன் சக்தி வண்டியின் நடுவே ஓடும் நீண்ட ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின் ஆக்சிலுக்குப் போகும். பின் சக்கரம் தள்ளும், முன் சக்கரம் திருப்பும். இன்றைக்கும் பொலிரோ, ஸ்கார்ப்பியோ, ஈகோ, இன்னோவா கிரிஸ்டா எல்லாம் இந்த வகைதான். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 இந்த வழக்கத்தை மாற்றியது. எஞ்சினைக் குறுக்காக வைத்து, கியர்பாக்ஸையும், இடது வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் அதோடு ஒட்டி, முன் சக்கரத்தையே இழுக்க வைத்தார்கள். நீண்ட ஷாஃப்ட் கிடையாது, பின் ஆக்சிலில் கனமான பல்சக்கரப் பெட்டி கிடையாது. வண்டி எடை குறைகிறது, உள்ளே தளம் சமமாகிறது, தயாரிக்கும் செலவும் இறங்குகிறது. நம் ஊரில் இன்று ஓடும் ஸ்விஃப்ட், வேகன்ஆர், ஐ20, எர்டிகா எல்லாமே முன் சக்கர டிரைவ்தான். ஃபோர் வீல் டிரைவ் என்பது இரண்டையும் சேர்த்தது. கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ், அங்கிருந்து இரண்டு பக்கமும் ஷாஃப்ட், இரண்டு ஆக்சிலுக்கும் டிஃபரன்ஷியல். எடை மட்டும் ஐம்பதிலிருந்து நூறு கிலோ வரை கூடும்.

சரி, இனி ஏற்றத்துக்கு வருவோம். ஒரு சக்கரம் வழுக்காமல் எவ்வளவு இழுக்க முடியும் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டே விஷயங்கள்: அந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை உட்கார்ந்திருக்கிறது, டயருக்கும் தரைக்கும் இடையே எவ்வளவு பிடிப்பு இருக்கிறது. எஞ்சின் எவ்வளவு பெரியது என்பது இதில் வராது. காய்ந்த தாரில், சக்கரத்தின் மேல் 100 கிலோ இருந்தால் 70, 80 கிலோ விசை வரைக்கும் டயர் தாங்கும். நல்ல டயரும் சுத்தமான தாரும் என்றால், நனைந்த பிறகும் 50 இருக்கும். ஈரச் செம்மண்ணும் அழுகிய இலையும் சேர்ந்தால் அது 20, 30 என்று இறங்கிவிடும். மச்சினன் வீட்டுப் பாதை இந்த இரண்டுக்கும் நடுவில், ஏறக்குறைய 35 என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஏற்றத்தை நாங்கள் அளந்து பார்த்தோம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டமும் ஒரு கயிறும் போதும். கிடைமட்டமாக 6 மீட்டருக்கு 1 மீட்டர் உயரம் வந்தது. இந்தச் சரிவில் வண்டியின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அதைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். அதோடு டயர் உருள்வதற்கான சிறு தடையையும் சேர்த்துத்தான் சக்கரம் இழுக்க வேண்டும்.

அவன் வண்டி 900 கிலோ எடையுள்ள சின்ன கார். எஞ்சின் முன்னால் இருப்பதால் எடையில் பெரும் பகுதி முன் சக்கரத்தின் மேல் இருக்கிறது. முன் சீட்டில் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்தால் மொத்தம் 1,040 கிலோ, அதில் ஏறத்தாழ 630 கிலோ முன்னால். இப்போது பின் சீட்டில் மூன்று பேர் ஏறுகிறார்கள், டிக்கியில் 60 கிலோ சாமான் ஏறுகிறது. மொத்தம் 1,300 கிலோ ஆகிவிட்டது, ஆனால் முன் சக்கரத்தின் மேல் இருப்பது 660 கிலோதான். இழுக்க வேண்டிய பாரம் 250 கிலோவுக்கு மேல் கூடியிருக்கிறது, இழுக்கிற சக்கரத்துக்குக் கிடைத்ததோ வெறும் 30 கிலோ. இதற்கு மேல் ஏற்றமும் தன் பங்குக்கு எடையைப் பின்பக்கம் சாய்க்கிறது. அந்தச் சரிவில் முன் சக்கரத்தின் எடை 600 கிலோவுக்கு வந்துவிடும்.

1,300 கிலோவை அந்தச் சரிவில் ஏற்ற ஏறக்குறைய 240 கிலோ விசை வேண்டும். முன் சக்கரத்தின் மேல் இருப்பது 600. அப்படியென்றால் 100-க்கு 40 என்ற அளவில் பிடிப்பு தேவை. பாதையில் இருந்தது 35. சக்கரம் சுற்றத்தான் செய்யும். மூன்று பேர் இறங்கியதும், டிக்கிச் சாமானின் பாதிப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தாலும், தேவை 35-ஐ ஒட்டி வந்துவிட்டது. டிக்கியும் காலியாக இருந்திருந்தால் 33-தான் தேவை. வண்டி ஏறிப் போனதற்குக் காரணம் பாரம் குறைந்தது மட்டுமில்லை, பாரம் பின்னாலிருந்து குறைந்தது.

இந்த இடத்தில் பெரியவர்கள் பலருக்கு ஒரு குழப்பம் உண்டு. அம்பாசிடரில் போனவர்கள், சக்கரம் வழுக்கினால் இரண்டு பேரைப் பின்பக்கம் ஏறி உட்காரச் சொல்வார்கள், பம்பரில் நிற்கச் சொல்வார்கள். அது பின் சக்கர டிரைவ், அங்கே அது சரியான வைத்தியம். அதே பழக்கத்தை முன் சக்கர வண்டியில் செய்தால் நிலைமை மோசமாகும். மச்சினனின் அப்பாவும் அன்றைக்கு “எல்லாரும் பின்னால நெருக்கி உக்காருங்க” என்றுதான் முதலில் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. அதே வண்டியைத் திருப்பி, ரிவர்ஸில் அந்த ஏற்றத்தில் ஏற்றினால் இழுக்கும் சக்கரம் சரிவின் கீழ்ப்பக்கம் வந்துவிடும். ஏற்றம் சாய்க்கும் எடை இப்போது அந்தச் சக்கரத்தின் மேலேயே விழும். 600 இருந்த இடத்தில் 700 கிலோ. ஐந்து பேரோடும் சாமானோடும் தேவை 40-லிருந்து 34-க்கு இறங்குகிறது. மலைப்பக்கம் சில டிரைவர்கள் முன் சக்கர வண்டியை வழுக்கும் ஏற்றத்தில் பின்னோக்கி ஏற்றுவதற்குக் காரணம் இதுதான். இரண்டு பக்கமும் பள்ளம் இல்லாத, நேரான, குட்டையான பாதையில் மட்டும் இதைச் செய்ய வேண்டும். பின்னால் குழந்தைகள் நிற்காமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதே எடையில் பின் சக்கர டிரைவ் வண்டி ஒன்று அங்கே நின்றிருந்தால்? ஆள் ஏற ஏறப் பின் சக்கரம் அழுந்தும், ஏற்றமும் அதன் மேலேயே எடையைச் சாய்க்கும். தேவை 31 அளவில் நின்றிருக்கும், ஐந்து பேரோடும் ஏறியிருக்கும். பேச்சிப்பாறையிலிருந்து கோதையாறு போகும் அரசுப் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். மழையிலும் மலையேறும் அந்தப் பஸ்ஸுக்குப் பின் சக்கர டிரைவ்தான். மொத்த எடையில் பாதிக்கு மேல் தாங்கும் பின் ஆக்சில், அதில் இரட்டை டயர். ஃபோர் வீல் டிரைவ் இல்லாமலேயே அது அந்த வேலையைச் செய்கிறது. ஏழு பேர் ஏறி, சாமானும் வைத்து, அடிக்கடி மலைப்பக்கம் போகிற குடும்பத்துக்குப் பின் சக்கர வண்டி பொருத்தம் என்று நான் சொல்வது இதனால்தான். ஆள் இல்லாமல் காலியாக ஓடும்போது அதே வண்டியின் பின்பக்கம் இலேசாகிவிடும். நனைந்த வளைவில் திடீரென்று ஆக்சிலேட்டர் கொடுத்தால் பின்புறம் வெளியே சறுக்கும். காலி ஈகோ, காலி பொலிரோ ஓட்டுகிறவர்கள் மழையில் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் ஃபோர் வீல் டிரைவ். நான்கு சக்கரமும் இழுப்பதால் வண்டியின் முழு எடையும் பிடிப்பாகப் பயன்படும். அந்த ஏற்றத்தில் அதற்குத் தேவை 19 மட்டுமே. சேற்றிலும் அழுகிய இலையிலும்கூட ஏறிவிடும். இதில் சந்தேகமே வேண்டாம். ஈர மண் ஏற்றத்தை அதைப் போல வேறு எந்த அமைப்பும் ஏறாது.

ஆனால் மேலே ஏறிய வண்டி மறுநாள் காலை அதே வழியில் இறங்க வேண்டும். குடும்பத்துக்கு வண்டி வாங்குகிற ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். எந்தக் கார் ஆனாலும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. முன் சக்கர டிரைவ், பின் சக்கர டிரைவ், ஃபோர் பை ஃபோர் மூன்றும் பிரேக்கை மிதிக்கும்போது ஒன்றுதான். பிடிப்பு 20-க்கு இறங்கிவிட்ட பாதையில் ஃபோர் பை ஃபோர் மேலே ஏறிவிடும். இறங்கும்போது அந்த 20-இல் 16-க்கு மேல் சரிவைச் சமாளிக்கவே செலவாகிவிடும், வண்டியை நிறுத்த மூன்றோ நான்கோதான் மிஞ்சும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினாலும் நிற்க ஏறக்குறைய 50 மீட்டர் வேண்டும். பாதையின் நீளமோ 14 மீட்டர், கீழே ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டிருக்கும். சாதாரணக் கார் அந்த நிலைமையில் ஏறவே மறுத்திருக்கும், அந்த மறுப்பே ஓர் எச்சரிக்கை. ஃபோர் பை ஃபோரில் அந்த எச்சரிக்கை கிடைக்காது.

டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ கியர் உள்ள வண்டிகளுக்கு இறக்கத்தில் ஓர் உதவி இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். லோவில் போட்டு இறக்கினால் எஞ்சினின் இழுத்துப் பிடிக்கும் விசை நான்கு சக்கரத்துக்கும் சமமாகப் பரவும், வண்டி நடக்கிற வேகத்தில் ஊர்ந்து இறங்கும், பிரேக்கைத் தொட வேண்டிய தேவையே குறையும். மஹிந்திரா தாரின் ஃபோர் பை ஃபோர் வகையிலும் மாருதி ஜிம்னியிலும் இது உண்டு. நகரத்துக்காகச் செய்யப்படும் பல எஸ்யூவிகளில் வரும் தானியங்கி ஆல் வீல் டிரைவில் பெரும்பாலும் இந்த லோ கியர் கிடையாது. அவற்றில் முன் சக்கரம் வழுக்கும்போது மட்டும் ஒரு கிளட்ச் பின் ஆக்சிலைச் சேர்த்துவிடும். சேற்றிலோ மணலிலோ விடாமல் சக்கரம் சுற்றினால் அந்தக் கிளட்ச் சூடாகித் தானே விலகிக்கொள்ளும், வண்டி மறுபடியும் முன் சக்கர டிரைவ் ஆகிவிடும். டாஷ்போர்டில் அதற்கு ஒரு எச்சரிக்கை விளக்கு எரியும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் திரும்ப வேலை செய்யும்.

வளைவிலும் இதே கதைதான். ஆரல்வாய்மொழிப் பக்கம் நான்கு வழிச்சாலையில் கன மழையில் வேகமாகப் போகும்போது டயருக்கு அடியில் தண்ணீர்ப் படலம் சேர்ந்து வண்டி மிதக்கத் தொடங்கினால், நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியும் மிதக்கத்தான் செய்யும். பட்டன் தேய்ந்த டயர் தண்ணீரை வெளியே தள்ளாது, அவ்வளவுதான் காரணம். குழித்துறைச் சப்பாத்து மாதிரி இடங்களில் ஆறு பெருகி ஓடும்போது ஃபோர் பை ஃபோர் என்று நம்பி இறங்குவதும் தப்பு. தண்ணீர் வண்டியைத் தூக்கத் தொடங்கினால் சக்கரத்தின் மேல் எடையே இருக்காது, எடை இல்லாத இடத்தில் நான்கு சக்கரம் சுற்றியும் பயனில்லை.

மச்சினன் சொன்ன இன்னொரு விவரமும் முக்கியமானது. அன்றைக்குச் சுற்றியது வலது முன் சக்கரம் மட்டும், இடது சக்கரம் அசையாமல் நின்றது. இது பழுது இல்லை, டிஃபரன்ஷியலின் இயல்பு. வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டியிருப்பதால் இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வேண்டும், அதற்காகத்தான் டிஃபரன்ஷியல் இருக்கிறது. அது இரண்டு பக்கமும் எப்போதும் ஒரே அளவு விசையைத்தான் கொடுக்கும். வலது சக்கரம் பாசியின் மேல் நின்று கொஞ்சம்தான் தாங்கும் என்றால், நல்ல தரையில் நிற்கும் இடது சக்கரத்துக்கும் அந்தக் கொஞ்சம்தான் போகும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சுற்றுகிற சக்கரம்தான் வேகமாகச் சுற்றும், கூடவே பாசியைத் தேய்த்து இன்னும் மழமழப்பாக்கும்.

பழைய பின் சக்கர வண்டிகளில் இதற்கு ஒரு கை வைத்தியம் இருந்தது. ஹேண்ட் பிரேக்கை இலேசாக இழுத்துப் பிடித்தால் சுற்றும் சக்கரம் தடைபட்டு, மறுபக்கம் விசை போகும். முன் சக்கர வண்டியில் இது உதவாது, ஏனென்றால் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் இருக்கிறது. இப்போது வரும் பல கார்களில் டிராக்ஷன் கண்ட்ரோல் இந்த வேலையைத் தானே செய்கிறது, சுற்றும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து விசையை மறுபக்கம் அனுப்புகிறது. ஒரே மாடலில் மேல்நிலை வகைக்குத்தான் இது வரும் என்றால், மலைப்பக்கம் வீடு இருப்பவர்கள் சன்ரூஃபை விட்டுவிட்டு இதைக் கேட்டு வாங்கலாம். ஃபோர் பை ஃபோரிலும் இந்தச் சிக்கல் உண்டு. குறுக்காக ஒரு முன் சக்கரமும் ஒரு பின் சக்கரமும் பள்ளத்தின் மேல் தொங்கினால், சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள ஃபோர் பை ஃபோர் அந்த இரண்டையும் சுற்றிக்கொண்டு நிற்கும். பின் ஆக்சிலைப் பூட்டும் வசதியோ பிரேக் பிடித்து உதவும் வசதியோ இருந்தால்தான் அங்கிருந்து நகரும்.

இத்தனையும் பார்த்த பிறகு அவன் வண்டியின் டயரைப் பார்த்தோம். முன் டயர் இரண்டிலும் பட்டன் கிட்டத்தட்டத் தீர்ந்திருந்தது. பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், அவை 1.6 மில்லிமீட்டரைக் குறிப்பவை. பட்டன் அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம். மழை ரோட்டுக்கு 3 மில்லிமீட்டருக்குக் கீழே வரும்போதே பிடிப்பு இறங்கத் தொடங்கிவிடும். பின் டயர் இரண்டும் இன்னும் நன்றாக இருந்தன. முன் சக்கர வண்டியில் இழுப்பது, திருப்புவது, பிரேக்கின் பெரும் பங்கைத் தாங்குவது எல்லாம் முன் டயரே என்பதால் அது சீக்கிரம் தேயும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டிருந்தால் நான்கும் சமமாகத் தேய்ந்திருக்கும். டயரின் ஓரத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் இருந்தாலும் ஆறேழு வருஷம் பழையதான ரப்பர் இறுகி, ஈரத்தில் வழுக்கும்.

அடியில் குனிந்து பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. முன் சக்கரத்துக்குப் போகும் ஆக்சிலில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும், மெக்கானிக்குகள் பூட் என்பார்கள். இடது பக்கத்துப் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தது. நம் செம்மண்ணும் சரளையும் அதற்குள் போனால் உள்ளே இருக்கும் ஜாயின்ட்டை அரைத்துவிடும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது சக்கரத்திலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் அரைக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். சத்தம் வருவதற்கு முன்பே பூட்டை மாற்றினால் சின்னச் செலவு, விட்டுவிட்டால் ஆக்சிலையே மாற்ற வேண்டி வரும். அவனுக்கு இன்னும் சத்தம் வரவில்லை.

பணக் கணக்கையும் உட்கார்ந்து போட்டோம். ஒரே மாடலில் இரண்டு வகையும் இருந்தால் ஒப்பிடுவது எளிது. மாருதி கிராண்ட் விட்டாரா 2022-இல் வந்தபோது சாதாரண மேனுவல் லிட்டருக்கு 21.11 கிலோமீட்டர், ஆல் வீல் டிரைவ் மேனுவல் 19.38 கிலோமீட்டர் என்று கம்பெனி அறிவித்தது. வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டினால் வித்தியாசம் 50 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் வருஷம் 5,000 ரூபாய். இது மட்டும் என்றால் பெரிய விஷயம் இல்லை, உண்மையான செலவு மற்ற இடங்களில் இருக்கிறது. வாங்கும்போதே லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் கூடுதல் டிஃபரன்ஷியலுக்கும் தனித்தனி ஆயில். நான்கு டயரும் ஒரே அளவில் தேய்ந்திருக்க வேண்டும் என்பதால், ஒரு டயர் வெடித்தால் ஒன்றை மட்டும் புதிதாகப் போடுவதுகூட யோசனைக்குரியது. புது டயரின் சுற்றளவு பெரிதாக இருக்கும், அந்த வித்தியாசம் ஓடுகிற நேரம் முழுக்கக் கிளட்சையோ பல்சக்கரத்தையோ தேய்த்துக்கொண்டே இருக்கும்.

லீவர் போட்டு மாற்றும் ஃபோர் பை ஃபோர் வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அதில் ஃபோர் வீலில் போட்டதும் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். ஆனால் திரும்பும்போது முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடப் பெரிய வட்டத்தில் போகிறது. மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க முடியாது, அதனால் ஷாஃப்ட்டெல்லாம் முறுக்கேறும். ஸ்டியரிங் கனக்கும், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும், லீவரைத் திரும்ப எடுக்க வராது. அப்போது லீவரை வலுக்கட்டாயமாக இழுக்காமல், நேராக இரண்டு மூன்று மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு தளர்ந்து லீவர் விடும். அதாவது நாகர்கோவில் ரோட்டில் மழை விட்டுத் தார் காய்ந்த பிறகு அந்த வண்டியும் பின் சக்கர டிரைவாகத்தான் ஓட வேண்டும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அந்தக் கூடுதல் பாகங்கள் வெறும் எடையாகவே கூட வரும். அதற்காக அதைத் தொடாமலே வைத்திருக்கவும் கூடாது. மாதம் ஒரு தடவை மண் பாதையில் கொஞ்ச தூரம் ஓட்டினால்தான் உள்ளே ஆயில் பரவி, தேவைப்படும் நாளில் லீவர் சிக்காமல் விழும்.

யாருக்கு இது உண்மையிலேயே வேண்டும் என்றும் எனக்குத் தெரியும். கீரிப்பாறை, மாறாமலை, பாலமோர் பக்கம் எஸ்டேட்டுக்குள் வீடு வைத்து, தார் போடாத கிலோமீட்டர் கணக்கான மலைப்பாதையில் மழைக்காலம் முழுக்கத் தினமும் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். நமக்குத் தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழை, ஜூன் தொடங்கி டிசம்பர் வரைக்கும் அந்தப் பாதைகள் காய்வது அபூர்வம். அங்கே பழைய ஜீப்புகளை இன்றும் விடாமல் வைத்திருப்பது பெருமைக்காக இல்லை. அந்தக் குடும்பங்களிடம் லோ கியர் உள்ள வண்டிதான் வாங்கச் சொல்வேன், தானியங்கி ஆல் வீல் டிரைவ் வேண்டாம் என்பேன்.

மச்சினன் நிலைமை அப்படி இல்லை. அவன் பாதையில் கெட்டது 14 மீட்டர்தான், அது அவன் சொந்த நிலத்தில் இருக்கிறது. வண்டியை மாற்றுவதற்குப் பதிலாக அந்த 14 மீட்டரை மாற்றலாம் என்று சொன்னேன். சக்கரம் போகும் இரண்டு தடத்தில் மட்டும், தடம் ஒன்று 60 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று கான்கிரீட் போட்டார்கள். மொத்தம் இரண்டரைக் கன மீட்டர்தான் ஆனது. மேற்பரப்பைக் கரண்டியால் மழமழவென்று தேய்க்காமல், இறுகுவதற்கு முன் கம்பியால் சாய்வாக வரி வரியாகக் கீறிவிடச் சொன்னோம், தண்ணீர் ஓரத்துக்கு ஓடுகிற மாதிரி. மேலிருந்து வரும் செம்மண் தண்ணீருக்குப் பாதையின் தலைப்பில் ஒரு குறுக்கு ஓடை வெட்டினார்கள், என் கணக்கில் கான்கிரீட்டைவிட இதுதான் முக்கியம். சேறு படிந்தால் கான்கிரீட்டும் வழுக்கும். அப்புறம் புது டயர் இரண்டு வாங்கிப் பின்னால் போட்டு, பின்னால் இருந்த நல்ல டயர்களை முன்னால் கொண்டு வந்தார்கள். புதியவை பின்னால் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம், மழையில் பின்பக்கம் சறுக்கினால் சாதாரண ஆள் அதைத் திருத்த முடியாது, முன்பக்கம் வழுக்கினால் ஆக்சிலேட்டரை விட்டாலே பெரும்பாலும் பிடித்துவிடும்.

அந்தப் பாதையில் இப்போது ஈரத்திலும் பிடிப்பு 50-ஐ ஒட்டி இருக்கும், ஐந்து பேரோடு ஏற அவனுக்கு வேண்டியது 40. இந்த ஐப்பசி மழையில் வீட்டோடு சாமி கும்பிடப் போய்விட்டு, டிக்கியில் வாழைக்குலையோடு திரும்பியிருக்கிறார்கள். யாரும் இறங்கவில்லை. வீட்டுக்கு மேலே இன்னொரு விளை இருக்கிறது, அதற்குப் போகும் 200 மீட்டர் மண் பாதை அப்படியேதான் கிடக்கிறது. அங்கே உரம் ஏற்ற வருஷத்தில் நான்கைந்து நாள், பக்கத்து எஸ்டேட்டில் ஓடுகிற ஜீப்பை வாடகைக்குப் பிடிக்கிறான்.